எலும்போடு போர்க் சாப்: மேலே கருகி எலும்போரம் பச்சையாக நின்றால் எங்கே கோளாறு?

வாணலியில் பொரிக்கும் போர்க் சாப்பில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: துண்டின் தடிமனுக்கும் அடுப்பின் தீக்கும் பொருந்தவில்லை, அதை எலும்பு இன்னும் மோசமாக்குகிறது. அதனால் கீழே அறிகுறி வாரியாகச் சொன்னாலும் முதல் அறிகுறியை மட்டும் விலாவாரியாக எழுதியிருக்கிறேன், மற்றவற்றுக்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துத் துண்டின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். கண் மதிப்பு வேண்டாம். சதையின் நடுவிலும் எலும்பை ஒட்டியும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் வெட்டும்போது கத்தி எலும்பில் இடறுவதால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருப்பது சகஜம். தடித்த பக்கத்து அளவுதான் உங்கள் அளவு. நான் பேசப்போவது பெரும்பாலும் 2.5 செ.மீ. தடிமனுள்ள விலாப் பகுதித் துண்டைப் பற்றி. வாணலியில் மட்டுமே வைத்துச் சரியாக முடிக்க இதுதான் ஆகத் தோதான தடிமன்.

போய்ச் சேர வேண்டிய வெப்பநிலை இது: சதையிலேயே குளிர்ந்த இடம் 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், பிறகு வெட்டாமல் குறைந்தது 3 நிமிடம் விட வேண்டும். ஃபாரன்ஹீட்டில் 145. முழுத் துண்டாக இருக்கும் பன்றி இறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை 2011-இல் இருந்து சொல்லும் அளவு இதுதான், அதற்கு முன்பு 71 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய சமையல் குறிப்புகள் சொல்கிறபடி செய்தால் சாப் செருப்புத் தோல் மாதிரி ஆவதற்கு அந்த 71 ஒரு முக்கியக் காரணம். கொத்துக்கறிக்கு மட்டும் இன்றைக்கும் 71-தான், அதைக் குறைக்காதீர்கள்.

அறிகுறி: வெளியே கரும்பழுப்பு, வெட்டிப் பார்த்தால் எலும்போரம் பச்சை

இது வந்தால் தீ அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. தீயைக் குறைத்து மறுபடி செய்தால் நடுச்சதை அழகாக வெந்திருக்கும், எலும்பை ஒட்டிய ஒரு விரல் அகலம் மட்டும் அப்போதும் பின்தங்கி நிற்கும்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொரிய ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் இடுக்கியால் துண்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சூட்டில் சதை சுருங்கியிருக்கும். எலும்பு சுருங்காது. அதனால் எலும்பின் முனை வாணலியில் ஊன்றிக்கொண்டு, அதை ஒட்டிய சதையைத் தூக்கிப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் சதைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும், எண்ணெய் கூட அங்கே சலசலக்காது. துண்டைப் புரட்டிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் பொன்னிறமாகி, எலும்பை ஒட்டி மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தால் இதுதான் சங்கதி. போதாக்குறைக்கு எலும்பும் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகும் சூட்டைத் தாமதப்படுத்துகிறது.

ஆகச் சரிசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று தீ. இன்னொன்று எலும்பை ஒட்டிய சதைக்குத் தனியாகச் சூடு கொண்டுபோவது. 2.5 செ.மீ. துண்டை வைத்து ஆரம்பத்திலிருந்து போய்ப் பார்க்கலாம்.

அடிப்பாகம் கனமான வாணலி வேண்டும், வார்ப்பிரும்பு என்றால் நல்லது. நடுத்தரத் தீக்குச் சற்று மேலே வைத்து 4, 5 நிமிடம் காயவிடுங்கள், பெரிய தீயில் சீக்கிரமாகக் காய வைக்க வேண்டாம், வார்ப்பிரும்பில் நடு மட்டும் கனன்று ஓரம் ஆறிக் கிடக்கும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அடி முழுக்கப் பரவி இருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், சதை தூக்கிக்கொள்ளும் அந்த இடைவெளியை நிரப்பப்போவது இந்த எண்ணெய்தான். எண்ணெய் நீர் போல இளகி, லேசாக அலையலையாக மின்னும்போது துண்டை வையுங்கள். புகை கிளம்பிவிட்டால் தாண்டிவிட்டது, வாணலியை அரை நிமிடம் அடுப்பிலிருந்து நகர்த்திவிட்டு வையுங்கள்.

முதல் பக்கம் 3 நிமிடம், தொடவே கூடாது. இந்த 3 நிமிடம் நிறத்துக்காக. புரட்டி அடுத்த பக்கமும் 3 நிமிடம். இந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் நிறம் வந்திருக்கும், ஆனால் உள்ளே தெர்மாமீட்டரைச் செருகினால் நடுச்சதையே 35, 40 டிகிரியில்தான் இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். நிறம் வந்த பிறகும் அதே தீயில் விட்டால், உள்ளே இன்னும் 20 டிகிரிக்கு மேல் ஏறுவதற்குள் மேல்பக்கம் கருகிவிடும். எனவே நிறம் வந்தவுடனே தீயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்குங்கள். வாணலியில் சத்தம் அடங்கி, ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்க வேண்டும்.

இனிமேல் நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். ஒரே ஒரு முறைதான் புரட்ட வேண்டும் என்ற பழைய விதியை நான் மதிப்பதில்லை. அடிக்கடி புரட்டினால் எந்தப் பக்கத்துக்கும் ஒரேயடியாகச் சூடு ஏறாது, உள்ளே சீராக வேகும், நிறமும் கெடாது. நடுவில் ஒரு முறை இடுக்கியால் துண்டைப் பிடித்துக் கொழுப்பு ஓரம் கீழே வருமாறு ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள், கொழுப்பு உருகி எண்ணெய் கூடும். பிறகு எலும்பு கீழே வருமாறு நிறுத்தி இன்னொரு நிமிடம். அப்புறம் வாணலியைச் சாய்த்து, ஒரு பக்கம் சேரும் சூடான கொழுப்பைக் கரண்டியால் மொண்டு எலும்பை ஒட்டிய சதை மேல் ஏழெட்டு தடவை ஊற்றுங்கள். வாணலி தொடாத இடத்தை இப்படித்தான் எட்ட முடியும். இதைச் செய்த துண்டையும் செய்யாத துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சாம்பல் பட்டையே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மொத்தம் 9 நிமிடம் ஆனதும் அளக்கத் தொடங்குங்கள். நடுச்சதை 57, எலும்போரம் 52 என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த 4, 5 டிகிரி இடைவெளி வழக்கம்தான். எலும்போரம் 60-ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். நடுவில் அப்போது 63 அல்லது 64 இருக்கும். தட்டில் வைத்து 5 நிமிடம் விட்டால் வெளிப்புறத்தில் தங்கிய சூடு உள்ளே இறங்கி, எலும்போரமும் இன்னும் 3 டிகிரி போல ஏறும். ஏறியதா என்று தட்டில் வைத்தே ஒரு முறை அளந்து பாருங்கள், இது முக்கியம். 62-இல் நின்றுவிட்டால் மறுபடி வாணலிக்குப் போக வேண்டியதுதான், சிறு தீயில் ஒரு நிமிடம் போதும். 60-இல் எடுத்தால் தானாக 63 வரும் என்று நம்பிக்கொண்டு அளக்காமல் விடுவது சரியில்லை, மெல்லிய துண்டிலும் குளிர்ந்த தட்டிலும் அந்த ஏற்றம் வரவே வராமல் போகலாம்.

தடிமன் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். 4 செ.மீ. துண்டை வாணலியில் மட்டும் வைத்து முடிக்க நினைப்பது வீண் போராட்டம். இரண்டு பக்கமும் நிறம் வந்ததும் வாணலியோடு 200 டிகிரி அவனில் தள்ளிவிட்டு, 6-வது நிமிடத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். அவன் இல்லையென்றால் சிறு தீயில் மூடி போட்டு வேகவிடலாம். மூடினால் நீராவியில் மேல் மொறுமொறுப்பு இளகும், கடைசியில் மூடியை எடுத்துப் பெரிய தீயில் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டினால் ஓரளவு திரும்பும். 1.2 செ.மீ. போன்ற மெல்லிய துண்டுக்கு எல்லாமே தலைகீழ்: பெரிய தீ, பக்கத்துக்கு 2 நிமிடம் போல, தீயைக் குறைக்கும் கட்டமே கிடையாது. அதில் நிறம் வருவதற்குள் உள்ளே வெந்துவிடும், அதனால் முதல் பக்கத்தை நன்றாகச் சிவக்கவிட்டு இரண்டாவது பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள்.

அறிகுறி: தெர்மாமீட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது

மேலே செருகாதீர்கள், பக்கவாட்டில் செருகுங்கள். 2.5 செ.மீ. சதையில் மேலிருந்து குத்தினால் முனை நடுவைத் தாண்டி வாணலிப் பக்கம் போய்விடும், அல்லது நடுவுக்கு வராமலே நின்றுவிடும். துண்டை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கொழுப்பு ஓரத்தின் வழியாகத் தடிமனுக்குச் சரியாக நடுவில், படுக்கை வாக்கில் உள்ளே தள்ளுங்கள்.

முனை எலும்பில் மோதினால் கையிலேயே தெரியும், நறுக்கென்று நிற்கும். அங்கே வரும் எண் சதையின் எண் இல்லை. அரை செ.மீ. பின்னால் இழுத்துவிட்டுப் படியுங்கள். இன்னொரு நல்ல வழி, முனையை நடுவைத் தாண்டித் தள்ளிவிட்டு மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே எண்ணைக் கவனிப்பது. எண் இறங்கி, ஒரு இடத்தில் ஆகக் குறைவாகி, மறுபடி ஏறும். அந்தக் குறைந்த எண்தான் நமக்கு வேண்டியது. உடனடியாக எண் காட்டும் டிஜிட்டல் கருவியாக இருந்தால்தான் இது சாத்தியம், வட்ட முகப்பும் முள்ளும் உள்ளவற்றில் உணரும் பகுதி கம்பியில் சில செ.மீ. நீளத்துக்கு இருக்கும், மெல்லிய துண்டுக்கு அது ஆகாது.

கருவி மேலேயே சந்தேகம் என்றால், ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, கண்ணாடியைத் தொடாமல் முனையை நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் உங்கள் 63 உண்மையில் 61.

அறிகுறி: எண் சரி, ஆனால் எலும்பருகே இளஞ்சிவப்பு

சாப்பிடலாம். குளிர்ந்த இடத்தில் 63 வந்து, 3 நிமிடம் விட்டாகிவிட்டது என்றால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 63 டிகிரியில் பன்றிச் சதை நடுவில் லேசாகச் சிவந்துதான் இருக்கும், எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டும். புழுத் தொற்று பற்றிய பயம்தான் பலரையும் சாம்பல் நிறம் வரும்வரை பொரிக்க வைக்கிறது. டிரிக்கினெல்லா என்ற அந்தப் புழு 63-க்குக் கீழேயே செத்துவிடும்.

அதே நேரம் இதைத் தலைகீழாகவும் பிடிக்க வேண்டாம்: சிவப்பு இல்லை, சாறு தெளிவாக வருகிறது, அதனால் வெந்துவிட்டது என்பதும் நம்பக்கூடியதல்ல. நிறத்தில் இரண்டு பக்கமும் ஏமாற்று உண்டு. கருவி வாங்காமல் சமாளிக்க விரும்புகிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, எலும்புள்ள துண்டில் விரலால் அழுத்திப் பார்ப்பது வெறும் ஊகம்தான்.

அறிகுறி: வெந்தது, ஆனால் நார் நாராக வறண்டுவிட்டது

தட்டில் வைத்தபின் நடுவில் அளந்து பாருங்கள். 68-க்கு மேல் காட்டினால் வேறு காரணம் தேட வேண்டாம். விலாச் சதையில் உள்ளே ஓடும் கொழுப்பு குறைவு, 63-க்கும் 70-க்கும் நடுவே அதன் ஈரம் மளமளவென்று வெளியேறிவிடும். சீக்கிரம் எடுங்கள், அவ்வளவுதான்.

எண் சரியாக இருந்தும் வறண்டால் உப்பைக் கவனியுங்கள். பொரிப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு உப்பு தடவுவதுதான் ஆக மோசமான நேரம், உப்பு சாற்றை வெளியே இழுத்திருக்கும், அது மறுபடி உள்ளே போக நேரம் இருந்திருக்காது. முக்கால் மணி நேரமாவது முன்னால் தடவுங்கள், முடிந்தால் முந்தின இரவே தடவி ஃபிரிட்ஜில் மூடாமல் ஒரு கம்பித் தட்டில் வைத்துவிடுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வாணலியில் போடுவதற்குச் சற்று முன்பு, துடைத்துவிட்டு உப்புப் போடுங்கள், அதுகூடப் பரவாயில்லை. ஏற்கெனவே உப்புநீர் ஏற்றி விற்கப்படும் இறைச்சி என்றால் மறுபடி உப்பு வேண்டாம், உறையில் எழுதியிருப்பார்கள்.

வறட்சி வேறு, கடினம் வேறு. தோள்பட்டைப் பகுதித் துண்டு, அதாவது சதைக்கு நடுவே வெள்ளைச் சவ்வும் கொழுப்பும் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது, 63-இல் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் மெல்ல முடியாது. அது மூடிபோட்டு நெடுநேரம் வேகவிட வேண்டிய சதை, பொரித்துச் சரிசெய்ய முடியாது. டி வடிவ எலும்புள்ள இடுப்புத் துண்டிலும் ஒரு சிக்கல் உண்டு: எலும்பின் ஒரு பக்கம் இருக்கும் சின்னச் சதை மறுபக்கத்தை விட முன்னதாக வெந்துவிடும், அந்தப் பக்கத்தை வாணலியின் ஓரத்துக்கு, தீ குறைவான இடத்துக்குத் திருப்பி வையுங்கள்.

அறிகுறி: துண்டு கிண்ணம் மாதிரி வளைகிறது

கொழுப்பு ஓரத்துக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் சவ்வு சதையை விட வேகமாகச் சுருங்குவதால் வருவது. பொரிப்பதற்கு முன்பே கொழுப்பைத் தாண்டிச் சவ்வு அறுபடும் வரை, இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். சதைக்குள் போக வேண்டாம். வாணலியில் வளைந்த பிறகு நினைவு வந்தாலும் பாதகமில்லை, இடுக்கியால் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் அங்கேயே வெட்டலாம். முதல் ஒரு நிமிடம் கரண்டியால் எலும்போரத்தைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பதும் உதவும். மெல்லிய துண்டில்தான் இது அதிகம்.

அறிகுறி: நிறமே வரவில்லை, வாணலியில் தண்ணீர் விடுகிறது

சத்தத்தைக் கேளுங்கள். துண்டை வைத்ததும் சுர்ரென்று சத்தம் வந்து, ஒரு நிமிடத்தில் அது கொதிக்கும் சத்தமாக மாறினால் நீங்கள் இப்போது பொரிக்கவில்லை, அவிக்கிறீர்கள். காரணம் மூன்றில் ஒன்று: மேல்பரப்பு ஈரம், வாணலி காயவில்லை, அல்லது துண்டுகளை நெருக்கி வைத்திருக்கிறீர்கள். 30 செ.மீ. வாணலியில் எலும்புள்ள துண்டு இரண்டுதான், மூன்றாவதைத் திணிக்காதீர்கள்.

ஈரத்தைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள், எலும்புக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் மடிப்பில் காகிதத்தின் முனையைச் செருகி அங்கேயும் ஒற்றுங்கள், ஈரம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஃபிரீசரில் இருந்து எடுத்து முழுக்க இளகாத துண்டு என்றால் எவ்வளவு துடைத்தாலும் விட்டுக்கொண்டேதான் இருக்கும், முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் குளிர் போகும் என்பார்கள். நடுச்சதையில் சில டிகிரிதான் ஏறும், அதனால் பெரிய லாபமில்லை, அந்த நேரத்தில் நன்றாகத் துடைத்தாலே போதும்.

ஏற்கெனவே தண்ணீர் விட்டுவிட்டதா? துண்டுகளை எடுத்துத் தட்டில் வையுங்கள், வாணலியில் இருக்கும் நீரைக் கொட்டிவிட்டுத் துடைத்து, மறுபடி காயவைத்து, புது எண்ணெய் விட்டு, துண்டுகளையும் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். உள்ளே ஓரளவு வெந்திருக்கும் என்பதால் இந்த முறை 7-வது நிமிடத்திலிருந்தே அளக்கத் தொடங்கிவிடுங்கள்.

அறிகுறி: தீ சரியாக இருந்தும் மேலே கறுப்புத் திட்டுகள்

இது சதை கருகியது இல்லை, அதன் மேல் ஒட்டியிருப்பது கருகியது. சர்க்கரையோ தேனோ கலந்த ஊறல், பொடித்த பூண்டு, மிளகாய்த்தூள், ஆரம்பத்திலேயே போட்ட வெண்ணெய், இவையெல்லாம் 10 நிமிடப் பொரிப்பைத் தாங்காது. ஊறலை வழித்துவிட்டுப் பொரியுங்கள். வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் தீயைக் குறைத்த பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில் போதும், எலும்போரத்தில் மொண்டு ஊற்றும்போது அதுவும் சேர்ந்து இறங்கும். வழித்தெடுத்த ஊறலைக் குழம்பாக்க நினைத்தால் பச்சைச் சாறு கலந்தது என்பதால் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் மேலே ஊற்ற வேண்டும்.